எப்ப வந்தாலும் அக்கா இருப்பாங்க

தம்பிக்கு அக்கா, அவன் மனைவிக்கு அண்ணி, பிள்ளைகளுக்கு அத்தை. வெளியாட்களுக்கு 'வீட்டில் இருப்பவர்'. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்தபோது யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. இவள் இருந்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இருந்தாள். வந்த வரன்கள் வந்த வழியே போயின.

ஐம்பதை நெருங்கும் வயதில் இவளுக்கு ஒரு ஆசை வந்தது. கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். சொன்ன நாளில் மதியம் மூன்று மணிக்குள் வந்து முதலாளி முன்னால் ஒரு காலர் தைத்துக் காட்டவேண்டும். தம்பியின் பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்துப் பழகிக்கொண்டாள்.

அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் லாரி வரும் முறை. "பத்துலேருந்து பன்னெண்டுக்குள்ள வந்துரும்க்கா. நீ மூணு மணிக்குத்தானே போகணும்?" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி ஆபீஸ் போனான். அவன் மனைவியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு.

பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. போன் போட்டால், "இதோ வந்துட்டே இருக்கேம்மா" என்றார் டிரைவர். லாரிக்காரர்களின் 'இதோ'வுக்கு எந்தக் கடிகாரத்திலும் முள் கிடையாது. பூட்டிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஆளில்லாத வீட்டு வாசலிலிருந்து லாரி திரும்பினால் மறுபடி முறை வர நாலைந்து நாளாகும். தொட்டியில் அடிமண்தான் தெரிந்தது. தம்பியைக் கூப்பிட்டாள். 'மீட்டிங்' என்று ஒற்றைச் சொல் வந்தது.

மூன்று தாண்டியதும் கடைக்குப் பேசினாள். "பரவால்லம்மா, வீட்டைப் பாருங்க. வேற ஒருத்தங்க வந்து தச்சுக் காட்டிட்டாங்க" என்றார் முதலாளி. அந்தப் 'பரவால்ல' அவளுக்கு நெஞ்சில் தைத்தது.

நாலு மணிக்கு மேல் லாரி வந்தது. டிரைவர் குழாயை இழுத்துத் தொட்டிக்குள் விட்டார்.

"பன்னெண்டுக்குள்ளன்னு சொல்லியிருந்தாங்களே?"

அவர் கோபப்படவில்லை. "இத்தனை மணிக்கு மேல ஆளிருக்காதுன்னு சொல்ற வீட்டுக்கெல்லாம் முதல்ல ஊத்திருவோம்மா. உங்க வீட்டு மெசேஜைப் பாருங்க" என்று போனை நீட்டினார்.

தம்பி காலையில் அனுப்பியது. '10 - 12. லேட்டானாலும் பரவாயில்லை. அக்கா வாங்கிக்குவாங்க. எப்ப வந்தாலும் வீட்லதான் இருப்பாங்க.'

"எப்பவும் இப்படித்தாம்மா வரும். அதான் உங்க வீடு எப்பவும் கடைசி."

தொட்டி நிறைந்தது. இவள் மூடியை இழுத்து மூடினாள்.

இரவு தம்பி குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். "நல்லவேளை, நீ இருந்தேக்கா."

"நான் மூணு மணிக்குப் போகணும்னு தெரிஞ்சுதானே அப்படி அனுப்பினே?"

"எப்பவும் அனுப்புறதுதானே, அதையே திருப்பி அனுப்பிட்டேன். மாத்தணும்னு தோணலை."

வேலை என்ன ஆயிற்று என்று அடுத்ததாகக் கேட்பான் என்று நினைத்தாள். அவன் கைகழுவி எழும்வரை, கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றாள். அவன் கேட்கவில்லை.