அத்தான் கடைச் சேலை

பார்சல் அலுவலக வாசலில் பேக்கிங் மேசை போட்டிருக்கும் டேப் அக்கா, தன் அத்தானின் கடைச் சேலைகளில் தண்ணீர் தெளித்துப் பூஞ்சை பிடிக்க வைக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு. விசாரிக்கப் போனேன். சுத்தப் பொய். உண்மை அதைவிடக் கொடுமையானது.

போன மழைக்காலம் வரை அத்தானின் ஆன்லைன் சேலைக் கடையில் இவள்தான் பேக்கிங். சேலைகள் கரும்புள்ளியோடு திரும்பி வந்தன. "நீ தொட்டதே துலங்காது" என்று வேலையாட்கள் முன்னால் திட்டி வேலையை விட்டு அனுப்பினார் அத்தான். அவர் மனைவி, இவளுடைய கூடப்பிறந்த அக்காவே தடுக்கவில்லை.

ஆவி இஸ்திரி போட்ட சேலையை ஆறவிடாமல் பிளாஸ்டிக் கவரில் அடைத்து ஒட்டச் சொன்னவர் அத்தான். உள்ளே மாட்டிய ஆவி எங்கே போகும்? இவள் அன்றே சொன்னாள். "மழை வெளியிலதான பெய்யுது?" என்று கேட்ட மேதை அவர்.

வெளியே வந்தவள் மேசை போட்டாள். புத்தகக்காரருக்கு முதலில் பிளாஸ்டிக், பிறகு அட்டைப்பெட்டி, மூலைகளில் பஞ்சு. போன்காரருக்கு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைப் போனோடு ஒரே கவருக்குள் வைத்து, வாயைக் காற்றுப் புகாமல் ஒட்டுவாள். பெட்டிகள் தரையில் படாது, மரப்பலகைமேல்தான் இருக்கும். தொழில் நடந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் அணையவில்லை.

இந்த மழையில் பக்கத்து வீட்டுக்காரி பெயரில் அத்தான் கடையிலேயே ஒரு பருத்திச் சேலை வாங்கினாள். சாலையில் வெள்ளம், பார்சல் வழியில் ஒரு வாரம் கிடந்து வந்தது. கூட்டமான நேரம் பார்த்து மேசைமேல் பிரித்தாள்.

"பெட்டியத் தொட்டுப் பாருங்க. காஞ்சு கெடக்கு. மழை மேல பழி போட முடியாது."

உள்ளே கவர் முழுக்க வியர்வை முத்து. சேலை மடிப்பில் கரும்புள்ளி. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் கவருக்கு வெளியே, பெட்டி மூலையில் கிடந்தது.

"இவரு என்ன, வாசல்ல வாட்ச்மேன் வேலையா?" என்று பொட்டலத்தைக் காட்டிக் கேட்டார் போன்காரர்.

சேலையைக் கவரோடு மேசைக்கு மேலே தொங்கவிட்டு ஓர் அட்டையும் மாட்டினாள்: 'அத்தான் கடை, இந்த வருசம். பேக்கிங் நான் இல்லை.'

தெருவில் மற்ற துணிக்காரர்கள் எல்லாம் அவளிடம் வந்தார்கள். அத்தானின் வாடிக்கையாளர்களோ சேலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நான்காம் நாள் அத்தானே வந்தார்.

"குடும்ப மானத்த இப்படியா தொங்கவிடுவ? கழட்டும்மா."

"மானமா, பூஞ்சையா அத்தான்?"

குனிந்து முணுமுணுத்தார். "சரி, தப்பு என்னோடதுதான். போதுமா?"

"திட்டினது ஊருக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா? அதே ஆளுங்க முன்னாடி வந்து சொல்லுங்க, கழட்டுறேன்."

"அதெப்படி முடியும்?"

"அப்ப சேலை இருக்கட்டும். நல்லா காத்தாடும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். நேற்று வரை வந்து சொல்லவில்லை. அவளும் கழற்றவில்லை.