பலகையில் ஒரு கோடு

பகலெல்லாம் திண்டிவனம் பள்ளியில் கத்திவிட்டு, மாலையில் விழுப்புரத்து ரயில்வே குமாஸ்தாக்களுக்கு ஆங்கில ‘இஃப்’ வாக்கியங்கள் நடத்தினேன். பலகையில் கோடு இழுத்து, நடுவில் ‘இன்று’ என்று எழுதினேன்.

தண்ணீரைக் காய்ச்சினால் கொதிக்கும். அது என்றைக்கும் உண்மை, கோடு முழுவதும் அதற்குத்தான். சைக்கிள் இருந்தால் சீக்கிரம் வருவேன் என்பது இன்றைய கற்பனை. ஆங்கிலத்தில் வினை மட்டும் ‘ஹேட்’ என்று இறந்தகாலம். அதை நம்பிப் பார்சல் குமாஸ்தா மூன்று தடவை ‘நேற்று’ப் பக்கம் புள்ளி வைத்தார். மூன்று தடவையும் அலுப்போடு அழித்தேன்.

“நேற்று நடக்காதது, அதனால் இன்றைய நிலை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்றேன் அவரிடம்.

நான் மெட்ராஸ் வேலையை உதறியது ஊரறிந்த கதை. அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “நீங்கள் அன்று மெட்ராஸ் போயிருந்தால், இன்று இங்கே கத்திக்கொண்டிருக்க மாட்டீர்கள்.” பிறகு தயங்கினார். “தப்பா சொல்லிட்டேனா சார்?”

பலகையில் ‘நேற்று’ப் பக்கத்திலிருந்து ‘இன்று’க்கு அம்பு போட்டேன். அதை மட்டும் அழிக்க வேண்டி வரவில்லை.