அப்பாவை விளம்பர நாயகனாக்கிய கதை

ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான அப்பா லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் குடும்ப குரூப்பில் வந்த அந்தப் படத்தை அப்படியே நம்பிவிட்டார். ஒரு பிரபல நடிகர் சர்க்கரை நோய்க்கான பொடி டப்பாவோடு சிரிக்கிறார். இதைக் குடித்தால் மாத்திரையே வேண்டாமாம். நாளையிலிருந்து மாத்திரைக்கு முழுக்கு என்று அப்பா அறிவித்ததும் மகள் போனை வாங்கிப் பார்த்தாள்.

அவள் பேனர் கடையில் டிசைனர். தலை வேறு உடம்பு வேறாக ஒட்டுவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. முகத்தில் வெயில் இடப்பக்கம், டப்பாவில் வலப்பக்கம் என்று காட்டினாள். அந்தப் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடினாள். பழைய போட்டோ வந்தது, அதே சிரிப்பு, கையில் விருதுக் கோப்பை. நடிகரின் சொந்தப் பக்கத்தில் பொடி பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போதெல்லாம் துளி குறையில்லாமலும் செய்வார்கள், அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்றாள்.

"கையில டப்பா இருக்கே, தெரியலையா உனக்கு?" என்றார் அப்பா.

மகளுக்குச் சுள்ளென்று ஏறியது. லேப்டாப்பைத் திறந்தாள். டீ ஆறுவதற்குள் அப்பாவே திரையில் கோட்டு சூட்டில் டப்பாவோடு நின்றார், வழுக்கைத் தலை நிறைய முடியோடு. அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். இவ்வளவு சுலபமா என்று வாயைப் பிளந்தார். பாடம் ஏறிவிட்டது. ஆனால் அந்த முடி அவரை விடவில்லை. அழகாக இருக்கிறதே என்று படத்தைக் குரூப்பில் தட்டிவிட்டார், ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல்.

குரூப் அமளிதுமளிப்பட்டது. மச்சான் வாழ்த்தினார், சித்தப்பா விலை கேட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அப்பாவின் தங்கையான அத்தை எழுதினாள்: "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்னைக்கு நான் மாத்திரை போடலை."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அப்பா பதறிப்போய் வீடியோ காலில் கூப்பிட்டார். அது பொய்ப்படம், முகத்தில் வெயிலைப் பார், யார் அனுப்பினாலும் அனுப்பினவங்களையே கூப்பிட்டுக் கேள் என்று மூச்சு விடாமல் பாடம் எடுத்தார். அத்தை மசியவில்லை. போட்டோவை ஒட்ட முடிந்தால் இந்த வீடியோவையும் ஒட்ட முடியாதா என்று மடக்கினாள். பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சரி, நான் அண்ணன்தானான்னு நீயே சோதிச்சுக்கோ," என்றார் அப்பா.

சின்ன வயதில் யார் தன்னைக் கிணற்றடியில் தள்ளிவிட்டது என்று அத்தை கேட்டாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் மேல் போட்டிருந்த பழியை அப்பா தலைகுனிந்து தானே வாங்கிக்கொண்டார்.

அத்தைக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: அண்ணனும் தன் கண்முன்னே மாத்திரை போட வேண்டும். இருவரும் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள், ஒரே நேரத்தில் மாத்திரையை விழுங்கினார்கள்.

"அண்ணா, நாக்கைத் தூக்கிக் காட்டுங்க," என்றாள் அத்தை. அப்பா காட்டினார்.