ஐம்பத்தைந்தாயிரத்துக்குள் ஒரு கொலை

விஜயகுமாரிக்குக் குறைவு என்றாலே பயம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மணிக்கு எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். பத்து குறைந்தால் மேனேஜர் வாயைத் திறக்க மாட்டார், பார்வையாலேயே கேட்பார். பதினெட்டு வருஷம் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டவள், கம்பெனி பஸ்ஸில் போகவர செல்போனில் தட்டித் தட்டி ஒரு துப்பறியும் நாவலே எழுதி முடித்துவிட்டாள். சாயப்பட்டறையில் ஒரு கொலை. ஐம்பத்தோராயிரம் சொல்லில் கொலைகாரன் அகப்பட்டான். அத்தோடு விட்டிருக்கலாம்.

விட்டால் அவள் விஜயகுமாரி இல்லையே. பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் எத்தனை சொல் இருக்க வேண்டும் என்று இணையத்தில் தேடினாள். துப்பறியும் நாவலுக்கு எண்பதிலிருந்து தொண்ணூறாயிரம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஏறக்குறைய முப்பதாயிரம் குறைவு. தினம் நூற்றறுபது சொல் என்று டார்கெட் போட்டு, ஏழு மாதம் பிடிவாதமாக எழுதி, எண்பத்தைந்தாயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். சேர்த்ததில் ஒரு பெரிய பங்கு ராக்கம்மாளின் கதை. செக்கிங் மேஜையில் இருபது வருஷமாக நிற்பவர், மூன்று பெண்களைத் தனியாளாகக் கரையேற்றியவர். அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினாள். அந்தம்மாளும் செக்கிங் லைன் முழுக்கச் சொல்லிப் பூரித்துப் போயிருந்தார்.

கோயம்புத்தூர்ப் பதிப்பகம் ஒன்றுக்குக் கதைச்சுருக்கமும் சொல் கணக்கும் அனுப்பினாள். அதன் ஆசிரியர் அருள்குமார் அவராகவே போனில் கூப்பிட்டார்.

“சுருக்கம் நல்லா இருக்குதுங்க. ஆனா எண்பத்தஞ்சாயிரம்ங்கறது இங்கிலீஷ் கணக்குங்க. ‘வரமாட்டேன்’னு நாம ஒரே சொல்லுல முடிக்கறதுக்கு அவங்களுக்கு மூணு நாலு சொல் வேணும். அவங்க எண்பதாயிரத்துல சொல்றது நமக்கு அம்பதுல அடங்கீரும்.”

தமிழில் பக்கத்துக்கு இருநூறு சொல் வைத்தாலும் நானூற்றிருபது பக்கத்தைத் தாண்டும், துப்பறியும் கதைக்கு அத்தனை தடியான புத்தகத்தை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். அவர்கள் வைத்திருக்கும் அளவு துப்பறியும் கதைக்கு நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்தாயிரம். காதல் கதை என்றால் அதற்கும் குறைவு. சரித்திரக் கதை லட்சத்தைத் தாண்டினாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார். முப்பத்தோராம் தேதிக்குள் அளவுக்குள் வந்தால் படிப்பார்களாம், வராவிட்டால் பிரிக்காமலே திருப்பி விடுவார்களாம். அன்று தேதி இருபத்தொன்று.

பழைய பிரதிக்குப் போகலாமென்றால் அதன் மேலேயே எழுதித் தொலைத்திருந்தாள். ஏழு மாத உழைப்பும் அதிகப்படி. தன்னை நினைத்து அவளுக்கே ஆத்திரமாக வந்தது. எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு வந்து, துணியில் ஓட்டை, கறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கதைமேல் ஒட்ட ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரம் முழுக்க அதே வேலை.  எட்டாம் நாள் இருபத்தோராயிரம் சொல் போயிருந்தது. அறுபத்துநாலாயிரத்தில் வந்து நின்றது, அதற்குமேல் ஒரு சொல் இறங்கவில்லை. இனி எடுக்க இருந்தது ராக்கம்மாளின் கதை மட்டும். ஒன்பதாயிரத்து நானூறு சொல். அதை எடுத்தால் கதை தப்பிக்கும். அந்தம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தாள். முப்பதாம் தேதி மதியம் ராக்கம்மாளே சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு எதிரே வந்து உட்கார்ந்து, தன் பக்கங்களைக் கேட்டு வாங்கினார். முப்பத்தோராம் தேதிக் கெடுவையும் அவர் கதையின் சொல் கணக்கையும் விஜயகுமாரி சொன்னாள். முன்னும் பின்னும் புரட்டி அங்கங்கே நிதானமாகப் படித்தார்.  புரட்டி முடித்ததும் அவர் ஏப்ரன் பையில் கைவிட்டு ஒரு சிவப்பு அம்பை எடுத்தார். தன் கதையின் முதல் பக்கத்தில் ஒட்டினார். இன்னொன்றைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினார்.

“இந்தப் பொம்பளை வந்தா கொலைகாரன் மறந்தே போயர்றானுங்க அம்மிணி. பாஸ் பண்ண முடியாதுங்க.”

விஜயகுமாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் சாப்பிடும் மேஜையென்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் இருந்தபடியே ஐம்பத்துநாலாயிரத்து அறுநூறு சொல்லை அனுப்பினாள். போய்விட்டது என்று செல்போன் காட்டிய பிறகும் இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த அந்தப் பக்கங்களை மறுநாள் ராக்கம்மாள் திரும்பக் கொண்டுவந்தார். மஞ்சள்பையில் மடியாமல் வைத்திருந்தார்.

“ஏனுங்கம்மிணி, என்னுதுல எத்தனை சொல்லுன்னீங்க?”

“ஒம்பதாயிரத்து நானூறுங்கக்கா.”

“அது எந்தக் கதைக்குப் பத்துமுங்க?”

“எதுக்குமே பத்தாதுங்கக்கா.”

 ராக்கம்மாள் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தார்.

“அப்பப் பத்தற வரைக்கும் சொல்றனுங்க. எழுதுங்க.”