லோஜினியின் பேர் எந்த வரிசையில்

பூண்டுலோயா பஜாரில் தவசீலன் அடிக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களில் எழுத்துப்பிழை வந்ததுண்டு, உறவுப்பிழை வந்ததில்லை. பெரியப்பா மகன் என்றால் சகோதரர், மாமன் மகன் என்றால் மைத்துனர். கேட்டு உறுதிசெய்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பான்.

அன்று பூரணியின் பேனருக்கு அவன் கை ஓடவில்லை. பிரேதம் எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. எதிரே பூரணியின் அண்ணன் கந்தப்பன். பக்கத்தில் லோஜினி, பூரணி புருசனுடைய மூத்த தாரத்து மகள், பூரணி கையில் வளர்ந்தவள்.

"என் தங்கச்சி பெத்தது வினோஜன் ஒருத்தனைத்தான். மகன்னு அவன் பேரை மட்டும் போடுங்க, தம்பி."

"அப்ப இவங்க?"

"கடைசியில உற்றார் உறவினர்னு வருதுல்ல, அதுல அடங்கிடும்."

"அப்படின்னா இவங்க வீட்டுக்காரரை மருமகன்னு போட முடியாதுங்களே."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

லோஜினி அழவில்லை. "அவர் சொல்றபடியே அடிங்கண்ணே. ஆனா நான் பெரிய மனுசியானப்ப தாய்மாமன் சீர் கொண்டாந்தது இவருதான். நான் அவங்க மக இல்லேன்னா, இனி இவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுறதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

தவசீலன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாமான்னுதான் கூப்பிடணும். வேற எப்படி?" என்று எரிந்து விழுந்தார். பிறகு தவசீலனிடம் திரும்பினார்.

"என்னப்பா பாத்துக்கிட்டு இருக்க? மகள்னு அடி. மூத்தவ அவ, பேர் முன்னால வரட்டும்."