காலை மடக்கக் கூடாது

நின்றுகொண்டே பிழைத்தவன் நான். புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடிக்குப் போய்த் திரும்புகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட்டத்துக்குள் புகுந்து டிக்கெட் கிழிப்பது, ஏணியில் ஏறிக் கூடையையும் மூட்டையையும் மேலே போடுவது, விசில் ஊதிவிட்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வது, இதுதான் நான். அப்படிப்பட்டவனை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்க வைத்து, வலது தொடை இடுக்கில் ஒரு மணல் பையைத் தூக்கி வைத்து, "நாளைக்குக் காலை வரைக்கும் இந்தக் காலை மடக்கவே கூடாது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்ன மாத்திரத்தில் முழங்கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அறுபதுகள் முடியப் போகிற சமயம் அது. கெண்டைக்கால் வலியில்தான் தொடங்கியது. கொஞ்ச தூரம் நடந்தால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து டிரைவர், "என்ன கண்டக்டரே, ஆளுக்கே ஸ்டாப்பிங் வந்துருச்சா?" என்று கேலி பண்ணுவார். பிறகு நடக்காமலே வலித்தது. படுத்தால் தாங்காது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் தேவலை. பெருவிரல் கறுத்தது. புதுக்கோட்டை டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்து, நாடியே இல்லை என்றார். தொடையிலிருந்து இறங்குகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்றார். ஒற்றைக்காலோடு எந்த பஸ்ஸில் ஏணி ஏறுவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரேதான் இன்னொன்றும் சொன்னார். மெட்ராஸில் ஒரு எக்ஸ்ரே டாக்டர் இருக்கிறார், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், கத்தி வைக்காமல் ரத்தக்குழாய்க்குள்ளேயே மெல்லிய குழாயை விட்டு அடைப்பைத் திறந்து பார்க்கிறாராம். புதுசு, பலிக்கும் என்று சொல்ல முடியாது, போய்ப் பார்ப்பதென்றால் சீக்கிரம் போங்கள் என்றார்.

எங்கள் வீட்டில் போவதும் வருவதும் அண்ணன் சொல்கிறபடிதான். அப்பா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. என் பஸ்ஸில் அவர் ஏறினால், ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிற நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். வெற்றிலையைத் துப்பிவிடுவேன். அதில் பயம் பாதி, மரியாதை பாதி. எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்தது கிடையாது.

அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஒடம்புக்குள்ள கம்பிய விட்டுச் சோதிச்சுப் பாக்க ஒந்தம்பிதான் கெடச்சானான்னு நாளைக்கு ஊரு என்னயக் கேக்கும். உசுரு இருந்தாப் போதும். காலு போனாப் போகட்டும், நான் கஞ்சி ஊத்துறேன்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்குள் நான் மாட்டிக்கொண்டேன். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சரி என்று சொன்னால் கால் போகும். கடைசியில் என் வீட்டுக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். அண்ணன் குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்து, "கெளம்புங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள். திருடர்கள் மாதிரிக் கிளம்பினோம். ரயிலில் இரவு முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்தேன். எழும்பூர் வருகிறவரை, அண்ணன் அடுத்த பெட்டியில் இருப்பதுபோலவே தோன்றிக்கொண்டிருந்தது.

அந்த டாக்டர் என்னைவிட இளையவர். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். "கண்டக்டர், குழாய் பூரா அடைக்கலைன்னா நான் திறக்கலாம். கம்பி அடைப்பைத் தாண்டணும். தாண்டலைன்னா ஊர் டாக்டர் சொன்னதுதான். நான் உள்ள இருக்கிற கொழுப்பை வெளிய எடுக்கப் போறதில்ல. அதை ஓரமா நசுக்கி ஒதுக்கி வழி பண்ணுவேன், அவ்வளவுதான்."

இருட்டறையில் மேஜைமேல் படுக்க வைத்தார்கள். இருட்டுக்குக் கண் பழகவேண்டும் என்று டாக்டர் வெகுநேரம் முன்பிருந்தே சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். மேலே ஈயக் கவசம். எனக்கு மயக்கம் கொடுக்கவில்லை. தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. அப்புறம் இன்னொரு பெரிய ஊசி ரத்தக்குழாய்க்குள் இறங்கியது. ஊசிக்குள்ளே ஒரு கம்பி, ஊசியை உருவிவிட்டுக் கம்பிமேல் ஒரு மெல்லிய குழாய். ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். எனக்கு வலி பெரிதாக இல்லை, யாரோ உள்ளே தள்ளுகிற மாதிரி ஒரு அழுத்தம்தான். அதுதான் கொடுமை. வலித்தாலாவது கத்தலாம். அசையக் கூடாது, மூச்சைப் பிடி, விடு, மறுபடி பிடி. என் உடம்பே பூட்டிய அறையாகி, நான் உள்ளே கிடந்தேன்.

"இப்ப சூடா இருக்கும்" என்றார். குழாய் வழியாக மருந்து இறங்கியதும் கொதிக்கிற வெந்நீரைக் காலுக்குள் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்கு அந்த மருந்துதான். படத்தை ஈரத்தோடு கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்கள். வெள்ளைக் கோடு ஒன்று தொடையில் நன்றாக இறங்கி, முழங்காலுக்கு மேலே நூலாக இளைத்து, அதற்குக் கீழே மறுபடி தடித்திருந்தது. அந்த நூல்தான் என் பிழைப்பு.

கம்பி அங்கே போய் முட்டியது. டாக்டர் இழுத்தார், லேசாகத் திருகினார், விட்டார். திரையைப் பார்த்தபடியே மறுபடி திருகினார். அவர் பேசாமல் இருந்த அந்த நேரத்தில், அண்ணன் சொன்னதே சரியோ என்று முதல் முறையாக நினைத்தேன். பிறகு, "தாண்டிருச்சு" என்றார். கம்பிமேல் ஒரு குழாய், அந்தக் குழாய்மேல் அதைவிடப் பெரிய குழாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடைப்புக்குள் செலுத்தினார். எல்லாவற்றையும் உருவியபிறகு, ஊசி போன இடத்தைக் கையால் வெகுநேரம் அழுத்திக்கொண்டு நின்றார். என் பாதம் சூடாகிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரி வார்டில் என் கால்விரலைத் தொட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறேன், ஊசி போன துவாரம் மூடுவதற்கு நேரம் ஆகும், காலை மடக்கினால் திறந்துகொள்ளும், தலையைக்கூடத் தூக்காதே. நானும் தலையாட்டினேன். பிறகு, தலையை ஆட்டலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் பார்வையாளர்களை விட்டார்கள். வார்டு வாசலில் கூட்டத்துக்கு நடுவே தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, அண்ணன். எப்படிக் கண்டுபிடித்து வந்தாரோ. கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வருகிறார். என் வீட்டுக்காரி ஸ்டூலை விட்டு விருட்டென்று எழுந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. மணல் பை கீழே விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் நான் காலை மடக்கி ஊன்றி எழுந்து உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. தொடையில் வெதுவெதுவென்று என்னமோ ஓடியது. வேட்டி சிவந்தது. வீட்டுக்காரி அலறினாள். நர்ஸ் ஓடிவந்து என்னைத் தள்ளிப் படுக்க வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். டாக்டர் வந்து அவளை விலக்கிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா எந்திரிக்கச் சொன்னது?"

"அண்ணன் வந்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் விறைத்து நின்ற அண்ணனைப் பார்த்தார். "பெரியவரே, இங்க வாங்க. ரெண்டு விரலை இவர் பாதத்து மேல வைங்க. இந்த இடம். துடிக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பித் தவறி என் கால் அண்ணன்மேல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. "டாக்டர், வேணாம் டாக்டர், வேற யாரையாச்சும்..." என்றேன். காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது. இழுத்தால் ரத்தம் வரும்.

"இங்க நான் லேசா அமுக்கினா ரத்தம் நிக்காது. ரொம்ப அமுக்கினா, நான் திறந்த குழாய் உறைஞ்சு மறுபடி அடைச்சுக்கும். அப்புறம் கால் இல்ல. அங்க துடிப்பு நின்னுச்சுன்னா எனக்குச் சொல்லணும். வைங்க."

அண்ணன் பையைக் கீழே வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில் மட்டும் அவர் அப்படிக் கட்டி நான் பார்த்திருக்கிறேன். குனிந்து என் பாதத்தில் விரலை வைத்தார். காய்த்துப்போன விரல்கள்.

"துடிக்குதுங்க."

டாக்டர் அழுத்தினார். வார்டே எங்களைப் பார்த்தது. நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்கலாமா கூடாதா என்றும் தெரியவில்லை.

"நின்னுபோச்சு" என்றார் அண்ணன். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "டாக்டர், துடிக்கல, நின்னுபோச்சுங்க!"

டாக்டர் கையை இம்மி தளர்த்தினார். "இப்ப?"

"இல்லீங்க."

"இப்ப?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "வருது. மெல்ல வருது. ஆமா, துடிக்குது. துடிக்குதுங்க."

டாக்டருக்கு நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. இங்கிருந்து அழுத்தம், அங்கிருந்து பதில், இப்படியே போனது. ஒருவழியாக ரத்தம் நின்று, டாக்டர் கையை எடுத்துக் கட்டுப் போட்டு, மணல் பையைத் திரும்ப வைத்தார். "போதும் பெரியவரே, விரலை எடுங்க" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றார் அண்ணன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் சொல்லாமல் வந்தாய் என்று கேட்கவில்லை. நர்ஸ் விரட்டுகிறவரை அந்த விரல் அங்கேயே இருந்தது. அவர் உட்கார்ந்திருக்க, அவர் கையில் என் பாதம் இருக்க, நான் படுத்துக் கிடந்தேன். என் ஆயுளில் அவ்வளவு இக்கட்டில் நான் மாட்டியதில்லை. போகாமல் இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

கறுத்த விரல் பிழைக்கவில்லை, அதைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். கால் தங்கியது. மறுநாள் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, எழுந்து நிற்கச் சொன்னார். கட்டிலைப் பிடித்து நின்றேன். எதிரே அண்ணன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் காலைத் தொடுவதற்காகக் குனியப் போனேன்.

அண்ணன் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"குனியாதடா! மடக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கள்ல?" என்று கத்தியவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "ஒக்காரு."