இடுக்கி எழுதிய ஏ

தொண்ணூற்றொன்றில் எனக்கு வயது நாற்பது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயில் ஆனவள். நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனியில் ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுத ஆள் தேடினார்கள். பத்தாவது பாஸ் என்றால் போதும் என்றார்கள். நின்றே வேலை செய்து முட்டி போயிருந்த எனக்கு உட்கார்ந்து செய்யும் அந்த வேலை வேண்டியிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பையிலிருந்து பஸ் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த டுடோரியலுக்குப் போனேன்.

வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். பக்கத்தில் உட்காரும் பெண், நர்சிங் ஹோமில் ஆயா வேலை செய்பவள், எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

ஒரு டெஸ்ட் வைத்தார் மாஸ்டர். பத்துத் தமிழ் வாக்கியங்களை இங்கிலீஷில் எழுத வேண்டும். அடுத்த வாரம் மற்ற எல்லாருடைய பேப்பரையும் கொடுத்தார். என்னுடையதையும் அந்தப் பெண்ணுடையதையும் கொடுக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தபோது எங்கள் இருவரை மட்டும் இருக்கச் சொன்னார்.

மேஜையில் இரண்டு பேப்பரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவள் எழுத்தில், இங்கிலீஷில் ஒரு பொருளைச் சொல்லும்போது முன்னால் போடும் 'ஏ', மற்ற வார்த்தைகளோடு சமமாக உட்கார்ந்திருந்தது. என்னுடையதில் எல்லா 'ஏ'யும் இரண்டு வார்த்தைகளின் இடுக்கில், பொடியாக, கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"இதெல்லாம் எப்பம்மா போட்டது? இந்தப் பொண்ணு பேப்பரைப் பாத்த பிறகா?" என்றார்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். 'என் அம்மா டெய்லர்' என்ற வாக்கியத்தில் இரண்டு பேரும் 'மை மதர் இஸ் டெய்லர்' என்றே எழுதியிருந்தோம். டெய்லருக்கு முன்னால் 'ஏ' இல்லை. ஒரே தப்பு, ஒரே இடத்தில்.

பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. "இன்னாக்கா, என்னுத பாத்தா எழுதினே?" என்றாள். அவள்தான் மாஸ்டரிடம் ஏதோ சொல்லியிருப்பாள் என்று எனக்கும் அந்த நிமிஷமே தோன்றியது. போன வாரம் அவள் பேப்பரைக் கையால் மறைத்து எழுதியது நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் மறைக்கமாட்டாள்.

காப்பியடித்தவர்களை வகுப்பில் வைப்பதில்லை என்றார் மாஸ்டர். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து ஐந்து வாக்கியம் சொன்னார். எதிரில் நாற்காலி போட்டு என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'என்னிடம் சைக்கிள் இருக்கிறது.' 'ஐ ஹேவ் சைக்கிள்' என்று எழுதினேன். 'எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது.' அதையும் அப்படியே. 'நான் பால் குடிக்கிறேன்.' 'என் தம்பி டிரைவர்.' 'அவள் புடவை வாங்கினாள்.' ஐந்தும் முடிந்தது. ஒரு இடத்திலும் 'ஏ' இல்லை.

மாஸ்டர் பேப்பரை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மறுபடி முதல் வரிக்குப் போனேன். சைக்கிளுக்கு முன்னால் ஒரு 'ஏ' இடுக்கினேன். மாட்டுக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று. பாலுக்குப் போடவில்லை. டிரைவரையும் தாண்டிவிட்டேன்.

"எப்பவுமே இப்படித்தானா?"

தலையை ஆட்டினேன்.

"எங்கே போடணும்னு எப்படித் தெரியுது?"

சொல்லாமல் விட்டால் போச்சு என்று பயந்து சொன்னேன். முதலில் தமிழில் நினைத்தபடி எழுதிவிடுவேன். தமிழில் மாடு இருக்கிறது என்றால் போதும், ஒரு மாடு என்று சொல்லத் தேவையில்லை. பிறகு திரும்பி வந்து ஒவ்வொரு பொருளாக எத்தனை என்று கேட்பேன். எண்ணக்கூடியதாக இருந்து, ஒன்று என்று பதில் வந்து, முன்னால் மை, திஸ், தி எதுவும் இல்லையென்றால் 'ஏ' போடுவேன். பாலை எண்ண முடியாது.

"அப்போ டிரைவர்?"

"தம்பி எத்தனை டிரைவர்னு யாராச்சும் கேப்பாங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை. அலமாரியில் வைத்திருந்த பழைய டெஸ்ட் பேப்பர் கட்டை எடுத்துப் புரட்டினார். டீச்சர், விவசாயி, போலீஸ்காரர் என்று வேலையைச் சொல்லும் வாக்கியங்களில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் அந்த இடத்தில் 'ஏ' இல்லை. அவர்களெல்லாம் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் கட்டைக் கட்டி உள்ளே வைத்தார்.

"ஆள் என்ன வேலைன்னு சொன்னாலும், ஒருத்தர்னா 'ஏ' வரும். அதுக்கு எத்தனைன்னு கேக்காதீங்க, அப்படியே போட்ருங்க" என்றார். பிறகு, "பரீட்சையில முதல்லயே இடம் விட்டு எழுதுங்கம்மா. திருத்துறவங்க எதிர்ல உக்காந்து பாக்கமாட்டாங்க" என்றார்.

என் டெஸ்ட் பேப்பரைக் கொடுத்தார். மார்க் போட்டிருந்தது. அடுத்த ஞாயிறு வரலாம், ஆனால் முதல் பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும் என்றார். நம்பினாரா, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாரா, தெரியவில்லை. வருகிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே நின்ற அவளைத் தாண்டி மாடிப்படி இறங்கினேன்.